காஞ்சிபுரத்து தாத்தா எந்தப் போரில் இறந்தார்? உலகப் போருக்குப் போனவர்களை ஆவணத்தில் கண்டுபிடிப்பது எப்படி

காஞ்சிபுரம் என்றதும் பட்டு, கோயில், அண்ணா, இட்லி என்று நான்கு விஷயங்கள் சட்டென நினைவுக்கு வரும். போர் வராது. ஆனால் காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் ‘பட்டாளத்துக்காரர் வீடு’ என்று பெயர் ஒட்டிக்கொண்ட வீடுகள் உண்டு. “எங்க கொள்ளுத்தாத்தா வெள்ளைக்காரன் காலத்துல பட்டாளத்துக்குப் போனவர், திரும்பி வரலை” என்று ஒரு வரி மட்டும் அந்த வீடுகளில் மிஞ்சியிருக்கும். எந்தப் போர், எந்த நாடு, எங்கே அடக்கம் செய்தார்கள் என்று கேட்டால் பதில் இருக்காது.

சிலருக்கு அந்தப் பதில் கைபேசியிலேயே கிடைத்துவிடும். சிலருக்கு எங்கே தேடினாலும் கிடைக்காது. யாருடைய பெயர் எழுதப்பட்டது, யாருடையது எழுதப்படவில்லை என்பதில் இருக்கிறது அதற்கான காரணம். காஞ்சிபுரம் மாவட்டத்துக்காரர் ஒருவரிடமிருந்தே தொடங்கலாம்.

அந்த நான்கு நொடி

வாலாஜாபாத் பக்கம் கீழ்ஒட்டிவாக்கம் என்று ஒரு கிராமம் இருக்கிறது. 1912-இல் அங்கே பிறந்தவர் சுபேதார் சுப்பிரமணியன். மெட்ராஸ் சேப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் என்ற படைப்பிரிவின் 11-வது ஃபீல்டு பார்க் கம்பெனியில் இருந்தார். இந்தக் கம்பெனி 4-வது இந்திய டிவிஷனோடு சேர்ந்தது. வட ஆப்பிரிக்காவில் சண்டை போட்ட அந்த டிவிஷன், 1944 தொடக்கத்தில் இத்தாலியில் மான்டி காசினோ மலையின் அடிவாரத்தில் நின்றது.

பிப்ரவரி 15-ஆம் தேதி மலை மேல் இருந்த மடாலயத்தை நேச நாட்டு விமானங்கள் குண்டு வீசித் தரைமட்டமாக்கின. பின்னாலேயே நடந்த தாக்குதல் தோற்றது. அடுத்த தாக்குதலுக்குக் காத்திருந்த நாட்களில் விடாமல் மழை. காசினோவுக்குத் தெற்கே, படைக்குத் தேவையான எல்லாம் வந்து சேரும் வழியில் இருந்த ஊர் மின்யானோ. ஜெர்மானியர்கள் பின்வாங்கும்போது அந்த வழியெங்கும் கண்ணிவெடி புதைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அவற்றைத் தேடி எடுத்தால்தான் லாரி போகும். அந்த வேலை சேப்பர்களுடையது.

பிப்ரவரி 24. கண்ணிவெடி தேடும் கருவியோடு முன்னே போன லான்ஸ் நாயக் ஒருவரின் கால், தெரியாமல் ஒரு வெடியின் மேல் பட்டுவிட்டது. பக்கத்தில் அதிகாரியும் மற்ற வீரர்களும் இருந்தார்கள்.

சேப்பர்களுக்கு இந்த வெடியின் கணக்கு அத்துப்படி. ஜெர்மானியர்களின் ‘எஸ்-மைன்’ வகை காலை வைத்ததும் வெடிப்பதில்லை. முதலில் உள்ளே ஒரு சின்ன வெடிப்பு. சுமார் நான்கு நொடி கழித்து அந்தக் குப்பி தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்துக்குத் துள்ளி, இடுப்பு உயரத்தில் வெடித்து, 300-க்கும் மேற்பட்ட இரும்புக் குண்டுகளை நாலாபுறமும் சிதறடிக்கும். மிதித்தவரை மட்டும் கொல்லும் வெடி இல்லை இது. சுற்றி நிற்கும் எல்லோரையும் சாய்ப்பதற்காகவே செய்தது.

நான்கு நொடியில் ஓடிப் படுத்தால் ஒருவேளை தான் ஒருவர் தப்பலாம். சுப்பிரமணியன் ஓடவில்லை. வெடியின் மேலேயே பாய்ந்து படுத்துக்கொண்டார். அது துள்ளி எழவே இடமில்லாமல் போனது. வெடிப்பு முழுவதையும் அவர் உடல் வாங்கியது. மற்றவர்கள் பிழைத்தார்கள். அவருக்கு அப்போது வயது 32-ஐ ஒட்டி இருந்திருக்கும்.

1944 ஜூன் 30-ஆம் தேதி லண்டன் அரசிதழில் அவருக்கு ஜார்ஜ் கிராஸ் அறிவிக்கப்பட்டது. எதிரியோடு நேருக்கு நேர் மோதாத இடத்தில் காட்டிய துணிச்சலுக்குப் பிரிட்டன் கொடுக்கும் மிக உயர்ந்த விருது அது. மரியாதை வரிசையில் விக்டோரியா கிராஸுக்குச் சமம். இறந்த பிறகு கொடுத்ததால் பதக்கம் குடும்பத்தின் கைக்குப் போனது.

இவ்வளவு தெளிவாக அவரைப் பற்றி நமக்குத் தெரிவதற்கு அந்தப் பதக்கம்தான் காரணம். பதக்கம் என்றால் விசாரணை, சாட்சிகள், அரசிதழ் அறிவிப்பு என்று தாள் மேல் தாள் சேரும். அதே டிவிஷனில், அதே மாதத்தில், அதே சேற்றில் செத்த மற்றவர்களுக்கு ஒரு பதிவேட்டில் ஒரு வரி. அவ்வளவுதான்.

செங்கல்பட்டுக்காரர்கள் ஏன் சேப்பர்ஸில்?

அப்போது காஞ்சிபுரம் தனி மாவட்டம் இல்லை, செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு தாலுகா. தேடும்போது இது முக்கியம், பிறகு வருகிறேன்.

கிழக்கிந்திய கம்பெனிக்குத் தென்னிந்தியாவைப் பிடித்துக்கொடுத்ததே மெட்ராஸ் ராணுவம்தான். வாலாஜாபாத்தே ஒரு காலத்தில் பெரிய கன்டோன்மென்ட். அந்த ஊர்ப் பெயரிலேயே ஒரு ரெஜிமென்ட் இருந்தது: 83-வது வாலாஜாபாத் லைட் இன்ஃபன்ட்ரி. சந்தைக்கும் கல்லூரிக்கும் நாம் பஸ் மாறும் ஊரின் பெயரை ஒரு காலாட்படை தோளில் சுமந்துகொண்டிருந்தது என்பது இன்று பலருக்குத் தெரியாது.

19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரிட்டிஷ் தளபதிகளுக்கு ஒரு கோட்பாடு பிடித்துப்போனது. பஞ்சாபியரும் கூர்க்காக்களும் பட்டாணியரும்தான் ‘போர்க் குலத்தார்’, தெற்கத்தியர் சண்டைக்கு லாயக்கில்லை என்பது அது. இதற்கு எந்த ஆதாரமும் இல்லை. ஆனாலும் மெட்ராஸ் காலாட்படைகள் ஒவ்வொன்றாகக் குறைக்கப்பட்டன. முதல் உலகப் போர் முடிந்து பத்து ஆண்டுகளுக்குள், வாலாஜாபாத் பட்டாளம் உட்பட மிச்சமிருந்ததும் கலைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் ஆள் போதாமல் போனபோது, 1941-42-இல் மெட்ராஸ் ரெஜிமென்ட்டை மறுபடி எழுப்பினார்கள். அந்த நேரத்தில் கோட்பாடு எங்கே போனது என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இந்த இடைக்காலம் முழுவதும் மூடாமல் இருந்த கதவு சேப்பர்ஸ். பாலம் கட்டுவது, சாலை போடுவது, வெடி வைப்பது, வெடி எடுப்பது இவர்கள் வேலை. தலைமையகம் பெங்களூரு. காலாட்படை ஒதுக்கிவிட்ட தாழ்த்தப்பட்ட சமூகத்து இளைஞர்கள் நிறையப் பேருக்குச் சீருடையும் மாதச் சம்பளமும் கொடுத்த இடம் இதுதான். சேப்பர்களை ‘தம்பி’ என்றே ராணுவம் முழுக்கக் கூப்பிட்டார்கள், இன்றும் கூப்பிடுகிறார்கள்.

முதல் உலகப் போருக்கு மெட்ராஸ் மாகாணத்திலிருந்து போனவர்கள் ஏறத்தாழ 92,000 பேர். அதில் சுமார் 51,000 பேர் ஆயுதம் ஏந்தியவர்கள். மீதி 41,000 பேர் சமையல்காரர், தண்ணீர் தூக்குபவர், கோவேறு கழுதை ஓட்டுபவர், தூக்குக்கட்டில் சுமப்பவர், கூலிப்படையினர். அரசுக் கணக்கில் இவர்களுக்குப் பெயர் ‘போரிடாதவர்’. குண்டுக்கும் காலராவுக்கும் அந்த வித்தியாசம் தெரியாது. உங்கள் தாத்தா ‘பட்டாளத்துக்குப் போனார்’ என்றால் துப்பாக்கிதான் பிடித்தார் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டில் ஒன்றாக இருக்க ஏறக்குறைய சம வாய்ப்பு.

எண்ணிக்கை மட்டும் செதுக்கிய கல்

முதல் உலகப் போர் முடிந்ததும் பிரிட்டன் ஒரு கொள்கையை அறிவித்தது. அதிகாரியோ சிப்பாயோ, இறந்த ஒவ்வொருவருக்கும் ஒரே மாதிரி மரியாதை, ஒவ்வொருவர் பெயரும் கல்லில் இருக்கும் என்றது. இதற்காக உருவான அமைப்பைத்தான் இன்று காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் என்கிறோம்.

பிரான்சில் இது பெரும்பாலும் நடந்தது. நவ் ஷப்பெல் நினைவிடத்தில் இந்தியச் சிப்பாய்களின் பெயர்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. ஐரோப்பாவைத் தாண்டியதும் கொள்கை தளர்ந்துவிட்டது. இன்றைய இராக்கில் இருக்கிறது பஸ்ரா நினைவிடம். மெசபடோமியா போர்முனையில் இறந்து, கல்லறை தெரியாமல் போன 40,500-க்கும் மேற்பட்டவர்களுக்கானது. அதில் பெரும்பாலோர் இந்தியர்கள். பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பெயர் போட்டார்கள். இந்திய அதிகாரிகளுக்கும் போட்டார்கள். இந்தியச் சிப்பாய்களுக்கு மட்டும், ரெஜிமென்ட் பெயருக்குக் கீழே இத்தனை பேர் என்று ஓர் எண்.

2021 ஏப்ரலில் ஆணையமே ஒரு சிறப்புக் குழு அறிக்கையில் இதை ஒப்புக்கொண்டது. இந்தியர், ஆப்பிரிக்கர், எகிப்தியர் என 45,000 முதல் 54,000 பேர் வரை சமமில்லாத முறையில் நினைவுகூரப்பட்டார்கள், குறைந்தது 1,16,000 பேர் பெயரோடு நினைவுகூரப்படவே இல்லை என்றது அறிக்கை. இந்த இரண்டாவது எண்ணிக்கை மூன்றரை லட்சம் வரைகூட இருக்கலாம் என்றும் சொன்னது. இதில் பெரும்பகுதி ஆப்பிரிக்கச் சுமைதூக்கிகள்.

நம்ம ஊர்ப் பக்கமும் இந்த எண்ணிக்கைக் கல் ஒன்று இருக்கிறது. வேலூர் லாங் பஜாரில் உள்ள மணிக்கூண்டுக்குப் போனால் பார்க்கலாம். இந்த ‘கிராமத்தில்’ இருந்து 277 பேர் 1914-18 போருக்குப் போனார்கள், 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். வேலூரைக் கிராமம் என்கிறதே என்று சிரிக்க வேண்டாம். இந்தியா முழுக்க ஒரே வாசகத்தை அடித்து, ஊருக்கு ஏற்ப எண்ணை மட்டும் மாற்றிப் பதித்தார்கள். அந்த 14 பேர் யார் என்று மணிக்கூண்டு சொல்லாது.

சரி, தேடுவது எப்படி?

கல்லில் இல்லாத பெயர்களில் பல, ஏட்டில் இருந்தன. அவை இப்போது ஆணையத்தின் இணையதளமான cwgc.org-இல் இருக்கின்றன. இலவசம், கணக்குத் தொடங்க வேண்டியதில்லை.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். போரில் இறந்தவர்கள் மட்டும்தான் அங்கே இருப்பார்கள். முதல் போருக்கு 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை, இரண்டாம் போருக்கு 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை, படையில் இருந்தபோது இறந்திருக்க வேண்டும். குண்டு பட்டுத்தான் என்றில்லை, காய்ச்சலில் போனாலும் கணக்கில் வரும். ஓய்வு பெற்று ஊருக்கு வந்து 1960-இல் இறந்த தாத்தாவை அங்கே தேடினால் நேரம்தான் வீண்.

பெரும்பாலோர் செய்யும் தவறு, பெயரைப் போட்டுத் தேடுவது. உதாரணத்துக்கு, கந்தசாமி மகன் முனுசாமியைத் தேடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். Munusamy என்று அடித்தால் கிடைக்காமல் போகலாம். ஏனென்றால் ஆள் சேர்த்த அன்று அவர் வாயால் சொன்னதை ஒரு ரைட்டர் காதால் கேட்டு ஆங்கிலத்தில் எழுதினார். Muniswami, Munuswami, Muniswamy, Munisami என்று எதுவாகவும் இருக்கலாம். ஜார்ஜ் கிராஸ் வாங்கிய சுப்பிரமணியன் பெயரையே Subramanian என்றும் Subramanyan என்றும் இரண்டு விதமாக எழுதுகிறார்கள். அது கிடைத்தாலும் முனுசாமிகள் வரிசையாக வந்து நிற்பார்கள்.

அதனால் ஊரிலிருந்து தொடங்குங்கள். ஆள் சேர்க்கும்போது இந்திய ராணுவம் நான்கு விவரம் எழுதியது: பெயர், அப்பா பெயர், ஊர், தாலுகாவும் மாவட்டமும். ஆணையத்தின் பதிவில் பலருக்கு இவை ‘இன்னார் மகன், இந்த ஊர், இந்தத் தாலுகா, இந்த மாவட்டம்’ என்று ஒரே வரியாக இருக்கும். இரண்டாம் உலகப் போர்ப் பதிவுகளில் சில இடங்களில் அம்மா பெயரும் மனைவி பெயரும்கூட உண்டு. விரிவான தேடலில் Additional Info என்று ஒரு பெட்டி இருக்கும். அது இந்த வரிக்குள் தேடும். அங்கே பழைய ஆங்கில எழுத்துமுறையில் ஊர்ப் பெயரை அடியுங்கள்:

```
Conjeeveram
Conjeevaram
Chingleput
Walajabad
```

காஞ்சிபுரத்தின் அன்றைய ஆங்கிலப் பெயர் முதல் இரண்டும். இன்றைய எழுத்துமுறையான Kancheepuram-ஐ அடித்துவிட்டு ‘ஒன்றும் இல்லை’ என்று மூடிவிடாதீர்கள். கிராமத்தின் பெயரை விட தாலுகா, மாவட்டப் பெயரில் எழுத்துப்பிழை குறைவு, அதனால் Chingleput என்று பெரிதாக வலை வீசிவிட்டுப் பிறகு வடிகட்டலாம். அரக்கோணம் பக்கம் என்றால் North Arcot. முகவரியின் கடைசியில் Madras என்று வந்தால் ‘சென்னைக்காரர் போல’ என்று தள்ளிவிட வேண்டாம், அது மாகாணத்தின் பெயர்.

வலையை இன்னும் சுருக்க, எந்தப் போர் என்பதையும் இந்தியப் படை என்பதையும் தேர்ந்தெடுக்கலாம். படைப்பிரிவுப் பெயரில் Madras Sappers, Indian Engineers, Indian Pioneer Corps, Royal Indian Army Service Corps ஆகியவற்றைத் தனித்தனியாகப் பார்க்கலாம். கடைசி இரண்டையும் விட்டுவிடாதீர்கள். உழைப்பாளிகளும் ஓட்டுநர்களும் சமையல்காரர்களும் பெரும்பாலும் அங்கேதான் இருப்பார்கள். பதவி என்ற இடத்தில் சமையல்காரர், தண்ணீர் தூக்குபவர், துப்புரவாளர் என்றே ஆங்கிலத்தில் எழுதியிருக்கும்.

ஒரு பெயர் கிடைத்துவிட்டது. அவர்தான் உங்கள் ஆளா? அப்பா பெயர், கிராமம் இரண்டும் பொருந்தினால் மட்டும் நம்புங்கள். ஒன்று மட்டும் பொருந்தினால் வீட்டில் இருக்கும் தேதியோடு வைத்துப் பாருங்கள். திதி கொடுக்கும் மாதம், குழந்தை பிறந்த வருஷம், பாட்டிக்குப் பென்ஷன் வரத் தொடங்கிய காலம் எல்லாம் இங்கே சாட்சி. இறந்த தேதிக்குப் பிறகு பிறந்த பிள்ளை இருந்தால் (பத்து மாதக் கணக்கையும் தாண்டி) அது வேறு முனுசாமி.

பதிவின் முக்கியமான பலன், நினைவிடத்தின் பெயர். ரங்கூன் நினைவிடம் என்றால் பர்மா போர்முனையில் இறந்து கல்லறை தெரியாமல் போனவர். மியான்மரில் தௌக்யான் என்ற இடத்தில் அவரோடு சேர்த்து ஏறத்தாழ 27,000 பெயர்கள் தூண்களில் இருக்கின்றன. சிங்கப்பூர் நினைவிடம் என்றால் மலாயா பக்கம். தகன நினைவிடம் என்று இருந்தால் உடலை எரித்திருக்கிறார்கள். ‘காரியம் பண்ணாங்களா, அப்படியே போட்டுட்டாங்களா’ என்று காலம் முழுக்கக் கவலைப்பட்ட பாட்டிகளுக்கு இந்த ஒரு சொல் கிடைத்திருக்க வேண்டும்.

திரும்பி வந்தவர் என்றால்?

அதற்கு இணையதளம் உதவாது, டிரங்குப் பெட்டிதான் உதவும். முதல் உலகப் போர்ப் பதக்கம் இருந்தால் அதன் ஓரத்தைப் பாருங்கள், தட்டையான முகத்தை அல்ல. விளிம்பில் மிகச் சிறிய எழுத்தில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு பொறித்திருக்கும். வெள்ளியில் இல்லாமல் வெண்கலத்தில் இருந்தால் அவர் கூலிப்படையிலோ உதவியாளராகவோ போனவர். ஒரே போர், ஒரே வடிவம், உழைப்பாளிக்கு மட்டும் உலோகம் வேறு. எலுமிச்சை போட்டுத் தேய்க்க வேண்டாம், எழுத்து மழுங்கிவிடும். பல குடும்பங்களில் வெள்ளிப் பதக்கம் எப்போதோ உருகி வேறு நகையாகியிருக்கும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்து மணியார்டர் ரசீது. முதல் உலகப் போரில் சிப்பாயின் மாதச் சம்பளம் 11 ரூபாய். அதில் ஒரு பகுதியை ஊரில் இருக்கும் அப்பாவுக்கோ மனைவிக்கோ நேரடியாக அனுப்பச் சொல்லி எழுதிக்கொடுக்கலாம். மாதாமாதம் தபால்காரர் கொண்டுவந்து கொடுப்பார். குடும்பத்துக்கு அந்தப் பணம்தான் கடிதம். எழுதப் படிக்கத் தெரியாத வீட்டில், ‘பணம் வந்துது, ஆளு உசுரோட இருக்கான்’ என்பதுதான் அர்த்தம். ரசீதில் ராணுவ எண் இருந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள். பெயரை ஆயிரம் விதமாக எழுதலாம், எண்ணை ஒரே விதமாகத்தான் எழுத முடியும். சேப்பர் என்று உறுதியானால் அந்த எண்ணோடு பெங்களூருவில் உள்ள மெட்ராஸ் இன்ஜினீயர் குரூப்பின் ஆவண அலுவலகத்துக்கு எழுதிக் கேட்கலாம். எப்படி எழுதுவது என்பதற்கு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுகலாம்.

எங்கே தேடினாலும் கிடைக்காதவர்கள்

இதுவரை சொன்னது ராணுவத்தின் ஏட்டில் ஏறியவர்களைப் பற்றி. ராணுவத்துக்காகச் செத்தும் எந்த ஏட்டிலும் ஏறாதவர்கள் இன்னொரு பெரும் கூட்டம். அவர்களுக்கு நேர்ந்ததைப் புரிந்துகொள்ள காஞ்சிபுரத்திலிருந்து தாய்லாந்தின் காஞ்சனபுரிக்குப் போக வேண்டும். பெயர் ஒற்றுமை தற்செயல்தான்.

செங்கல்பட்டு, வட ஆற்காடு, திருச்சி, தஞ்சாவூர் மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் மூலம் மலாயா ரப்பர் தோட்டங்களுக்குப் போனவர்கள் லட்சக்கணக்கில். 1941 டிசம்பரில் ஜப்பான் மலாயாவுக்குள் நுழைந்ததும் ஊருக்கு வரும் கடிதமும் பணமும் நின்றன. மூன்றரை ஆண்டுக்கு மேல் நின்றன. அந்த இடைவெளியில் ஜப்பானிய ராணுவம் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டது. 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். போர்க்கைதிகள் 60,000-க்கும் மேல். ஆசியத் தொழிலாளர்கள் அதைவிடப் பல மடங்கு. மலாயாவிலிருந்து மட்டும் 75,000-க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனார்கள், பெரும்பாலோர் தமிழர்கள். சம்பளம், ரேஷன், மூன்று மாதத்தில் திரும்பலாம் என்று சொல்லிச் சிலரை, தோட்டத்தில் லாரியை நிறுத்தி ஏற்றிச் சிலரை.

1943 மழைக்காலத்தில் முகாம்களில் காலரா பரவியது. அங்கே நடந்ததில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். போர்க்கைதிகள் ஒரு ராணுவமாகவே பிடிபட்டவர்கள். அவர்களோடு டாக்டர்கள் இருந்தார்கள், தண்ணீரைக் கொதிக்கவைக்கச் சொல்ல அதிகாரிகள் இருந்தார்கள். யார் எங்கே எப்போது இறந்தார் என்று அந்த அதிகாரிகள் ஒளித்து ஒளித்துப் பட்டியல் எழுதினார்கள். போர் முடிந்த மாதமே ஒரு குழு பாதை நெடுகப் போய் 10,000-க்கும் மேற்பட்ட கல்லறைகளை அடையாளம் கண்டது, அந்தப் பட்டியல்களின் உதவியால்.

தமிழ்த் தொழிலாளர்களிடம் டாக்டர் இல்லை, அதிகாரி இல்லை, பட்டியல் எழுத யாரும் இல்லை. குடும்பமாக வந்தவர்கள், தனியாக வந்தவர்கள் எல்லாம் கலந்து கிடந்தார்கள். இறந்தவரைப் புதைத்தவரும் அடுத்த வாரம் இறந்தார். பல்லாயிரக்கணக்கானோர் செத்தார்கள் என்பது உறுதி, பெயர்கள் இல்லை. போர் முடிந்த பிறகும் அவர்கள் படைவீரர்கள் இல்லை, சிவிலியன்கள் என்பதால் போர்க் கல்லறை ஆணையத்தின் வரம்புக்குள் வரவில்லை.

இன்று காஞ்சனபுரிக்குச் சுற்றுலா போனால் ஊர் நடுவே புல்வெளி வெட்டி, பூச்செடி வைத்து அழகாகப் பராமரிக்கும் போர்க் கல்லறையைக் காட்டுவார்கள். பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுக் கைதிகள் ஏறத்தாழ 7,000 பேர் அங்கே. ஆசியத் தொழிலாளர்களுக்கான நினைவுத் தூண் வாட் தாவோர்ன் வராராம் என்ற புத்தர் கோயிலுக்குள் இருக்கிறது. கைடு தானாகக் கூட்டிப்போகும் இடம் இல்லை, கேட்டுத்தான் போக வேண்டும். 2023-இல் தமிழர்களுக்காக அங்கே ஒரு நடுகல் வைத்தார்கள். மலேசியத் தமிழர்கள் எடுத்த முயற்சி, தமிழ்நாடு அரசும் நிதி கொடுத்தது. போரில் இறந்தவருக்குக் கல் நடுவது நமக்குச் சங்க காலத்துப் பழக்கம். அந்தக் கற்களில் பெயரும் பீடும் எழுதுவார்கள். இந்தக் கல்லில் எழுத நம்மிடம் பெயர்ப் பட்டியல் இல்லை.

பஞ்சாபில் கிடைத்தது, இங்கே?

லாகூர் அருங்காட்சியகத்தில் பல பத்தாண்டுகளாக யாரும் புரட்டாமல் கிடந்த பதிவேடுகளை, முதல் உலகப் போருக்குப் பஞ்சாபிலிருந்து போனவர்களின் கிராமவாரிப் பட்டியல் என்று அடையாளம் கண்டார்கள். இங்கிலாந்தில் உள்ள பஞ்சாபி மரபுரிமை அமைப்பு ஒன்றும் கிரீனிச் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2021 நவம்பரில் அதை இணையத்தில் ஏற்றத் தொடங்கின. மொத்தம் சுமார் 3 லட்சத்து 20 ஆயிரம் பேர். இறந்தவர் மட்டுமில்லை, உயிரோடு திரும்பியவரும் அதில் உண்டு. லண்டனில் டாக்ஸி ஓட்டும் ஒருவர் தன் கிராமத்தின் பெயரை அடித்து, தாத்தாவின் அப்பா எந்தப் படையில் இருந்தார் என்று பார்த்துவிடலாம்.

மெட்ராஸ் மாகாணத்தின் 92,000 பேருக்கு அப்படி ஊர்வாரியாகத் தேட ஒரு தளம் இல்லை. அதனால் இப்போதைக்குப் பட்டியலை வீடுவீடாகத்தான் சேர்க்க வேண்டும். இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது, வீட்டில் மூத்தவரிடம் நான்கு கேள்வி கேட்டுக் குரலைப் பதிவு செய்துகொள்ளுங்கள். தாத்தாவின் அப்பா பெயர் என்ன, அப்போது எந்தத் தாலுகா, பணம் எந்த வருஷம் வரை வந்தது, ஊரிலிருந்து அவரோடு கிளம்பிய மற்றவர்கள் யார் யார்? கடைசிக் கேள்வியை விட்டுவிட வேண்டாம். ஒரே ஊர்ப் பையன்கள் கூட்டாகப் போய்ச் சேர்வது வழக்கம், பெரும்பாலும் ஒரே கம்பெனியில் இருப்பார்கள், எண்களும் அடுத்தடுத்து வரும். ஒருவர் பெயர் அகப்பட்டால், அவருடைய எண்ணுக்கு முன்னும் பின்னும் இருப்பவர்களின் ஊரையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.